மிட்டாய்க் கடையும் நான்கு மணி ஸ்டேட்டஸும்

சிறு நகரத்து மிட்டாய்க் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கடை வாசலைத் தாண்டிப் போகும்போது கண்ணில் பட்டதை வாங்குகிறவர்கள் ஒரு வகை. வீட்டில் விசேஷம் என்றால் நினைவாக வந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் இன்னொரு வகை. கடை பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்தால் முதல் வகையே வியாபாரத்தை நடத்திவிடும். உள்தெருவில் இருக்கும் கடைக்கு அந்த வழி இல்லை. பலகாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது இன்று போடப்பட்டிருக்கிறது என்பது தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. மாலை நான்கு மணிக்கு இறக்கிய மைசூர்பாகின் மணம் நாலு வீடு வரை போகும். அதற்கு மேல் போகாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சிறு கடைக்காரர்கள் இப்போது கைப்பேசியில் தினமும் படமோ சிறு காணொளியோ போடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வசதி இன்றைய வடிவில் 2017-இல் வந்தது. சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வெளியானது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆனாலும் இப்படித் தொடங்கும் கடைகளில் பல, ஒன்றிரண்டு மாதத்தில் நிறுத்திவிடுகின்றன. போட்டும் யாரும் வரவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. விடாமல் போடும் கடைக்கு ஆள் வருவது உண்மைதான். அது ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது, ஏன் தினமும் போட வேண்டியிருக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கதையைக் கொண்டு பார்க்கலாம். சிறு கடைகளின் வழக்கத்தை ஒட்டி அமைத்த கதை இது. இதில் வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்கானவை.

ஆடியில் தொடங்கியது

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், கடைவீதியிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே தள்ளி இருக்கிறது கடை. முன்னால் கல்லாவும் கண்ணாடி அலமாரியும். பின்னால் இரண்டு அடுப்புள்ள பட்டறை. கடைக்காரர், ஒரு சரக்கு மாஸ்டர், ஓர் உதவிப் பையன் என மூன்று பேர். காலையில் லட்டும் ஜாங்கிரியும், மாலையில் மைசூர்பாகும் காராச்சேவும் போடுவார்கள். வாடிக்கையாளர்கள் கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார்கள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லாத மாதம். சீர்ப் பலகாரம், தாம்பூலப்பை ஆர்டர் எதுவும் இல்லை. இரவு கடை அடைக்கும்போது தட்டில் சரக்கு மிஞ்சுகிறது. அந்த மாதத்தில்தான் அண்ணாச்சி ஸ்டேட்டஸ் போடத் தொடங்குகிறார். முதல் இரண்டு வாரத்தில் ஒரு கிலோ கூட அதனால் விற்கவில்லை. பார்த்தவர்கள் முப்பது பேர். அவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதி சர்க்கரை மூட்டையும் நெய் டின்னும் போடுகிற மொத்த வியாபாரிகள். கை உயர்த்திய படமும் இதயப் படமும் பதிலாக வந்தன. பலகாரம் வாங்க யாரும் வரவில்லை.

காரணம் ஸ்டேட்டஸ் இயங்கும் முறையிலேயே இருக்கிறது. ஒருவர் போடும் ஸ்டேட்டஸ் ஊரில் உள்ள எல்லோருக்கும் தெரியாது. போடுகிறவரின் எண்ணைப் பார்ப்பவர் தன் கைப்பேசியில் சேமித்திருக்க வேண்டும். பார்ப்பவரின் எண்ணைப் போடுகிறவரும் சேமித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் படம் போய்ச் சேராது. அண்ணாச்சியின் கைப்பேசியில் இருந்தது அறுபது எண்கள். தினமும் கடைக்கு வந்து வாங்கிப் போகிறவர்களில் ஒருவர் எண் கூட அதில் இல்லை. ஆக, முதல் வேலை படம் எடுப்பதாக இருக்கவில்லை. எண் சேர்ப்பதாக இருந்தது.

அது கல்லாவில்தான் நடக்கும். பில் போடும்போது அண்ணாச்சி ஒரே ஒரு விஷயம் சொல்லத் தொடங்கினார்: “நம்பர் சேவ் பண்ணிக்கோங்க. சூடா எறக்குனதும் ஸ்டேட்டஸ்ல போடுவோம்.” விருப்பம் உள்ளவர்கள் அங்கேயே நின்று எண்ணைச் சேமித்து, ஒரு வணக்கம் அனுப்பினார்கள். அண்ணாச்சி அவர்கள் பெயரைப் போட்டுத் தன் பக்கமும் சேமித்துக்கொண்டார். வேண்டாம் என்றவர்களை வற்புறுத்தவில்லை. தள்ளுபடி, பரிசு எதுவும் அறிவிக்கவும் இல்லை. தள்ளுபடிக்காகச் சேமிப்பவர் அது முடிந்ததும் அழித்துவிடுவார். சூடான பலகாரம் வேண்டும் என்று சேமிப்பவர் வைத்திருப்பார். இப்படி நாளுக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள். மாதத்தில் இருபத்தாறு நாள் கடை திறந்தால் எழுபத்தெட்டுப் பேர். தீபாவளிக்கு முந்தைய புரட்டாசிக் கடைசியில் பட்டியலில் ஏறத்தாழ 270 எண்கள் இருந்தன.

யாருடைய நாள் என்று தெரியாது

எண் சேர்ந்துவிட்டால் அத்தனை பேரும் வந்துவிடுவார்களா என்றால், இல்லை. 270 பேரில் ஒரு நாள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர் பாதி என்று வைத்துக்கொள்வோம், 135 பேர். ஒரு நடுத்தரக் குடும்பம் விசேஷம் இல்லாத நாளில் கடைப் பலகாரம் வாங்குவது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை. விருந்தாளி வருவார், வெள்ளிக்கிழமை பூஜை வரும், சம்பளம் வந்த வாரம் பிள்ளை கேட்கும். அதாவது 135 பேரும் இன்று வாங்கும் மனநிலையில் இல்லை. அவர்களை 21 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் பாதிப் பேர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையிலேயே வாங்கிவிடுவார்கள். மிச்சம் மூன்று பேர்.

இந்த மூன்று பேர்தான் கடைக்காரரைச் சோர வைக்கும் எண். தினமும் படம் எடுத்து, எழுதி, பதில் சொல்லி, மூன்று பேருக்காகவா என்று தோன்றும். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. இன்றைக்கு வரும் மூன்று பேரும் நாளைக்கு வரப்போகும் மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். யாருடைய நாள் எது என்று கடைக்காரருக்குத் தெரியாது. பல சமயம் அந்தக் குடும்பத்துக்கே காலையில் தெரியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களாம்” என்று போன் வரும்போதுதான் முடிவாகும். அந்த நேரத்தில் ஸ்டேட்டஸ் இருந்தால் இந்தக் கடை நினைவுக்கு வரும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போடுகிற கடை, மற்ற நாட்களில் பலகாரம் வாங்குகிறவர்களை அந்தந்த நேரத்தில் தவற விடுகிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் என்பதால், திங்கட்கிழமை போட்ட படம் புதன்கிழமைக்கு உதவாது.

தொடர்ந்து போட வேண்டும் என்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். தினமும் போடுவதால் ஒரே ஆள் மறுபடி மறுபடி வாங்குவதில்லை. வாங்க வேண்டிய நாள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் வருகிறது. அந்த நாளில் கடை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எதைப் போடுவது

அண்ணாச்சி முதல் வாரத்தில் போட்டவை காலை வணக்கப் படங்கள், ஆடிப் பெருக்கு வாழ்த்து, இணையத்தில் கிடைத்த ஒரு பளபளப்பான இனிப்புத் தட்டு. இவை எதிலும் வாங்குகிறவருக்குத் தேவையான செய்தி இல்லை. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது நான்கு விஷயம்: என்ன போட்டிருக்கிறார்கள், எப்போது இறக்கினார்கள், என்ன விலை, எவ்வளவு இருக்கிறது. இரண்டாவது மாதத்திலிருந்து அவர் அந்த நான்கை மட்டுமே எழுதினார்: “நெய் மைசூர்பாகு. மணி 4-க்கு இறக்கியது. கிலோ 560. இன்று ஒரு தட்டு, 6 கிலோ.” இதில் ‘நெய்’ என்ற சொல்லுக்குப் பொறுப்பு உண்டு. நெய்யோடு எண்ணெயோ டால்டாவோ கலந்து செய்யும் சரக்குக்கு அந்தப் பெயர் போட்டால், வாங்கியவருக்கு முதல் விள்ளலிலேயே தெரிந்துவிடும். அத்தோடு எழுதும் மற்ற மூன்று விஷயங்களிலும் நம்பிக்கை போய்விடும்.

படத்துக்கு எந்தக் கணத்தை எடுப்பது என்பதும் முக்கியம். அலமாரியில் அடுக்கிய பலகாரம் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி இருக்கும். பட்டறையில் நடப்பது அப்படி இல்லை. மைசூர்பாகு போடும்போது சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் சலித்த கடலைமாவைத் தூவிக் கிளறுவார்கள். பிறகு பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் மாவு சுர்ரென்று பொங்கி, அடங்கி, மறுபடி நெய் கேட்கும். கடைசிக் கரண்டியில் கலவை முழுதும் நுரைத்துக் கண் கண்ணாகத் திறக்கும். ஓரத்தில் நெய் பிரியும். அந்த நொடியிலேயே தட்டில் கொட்ட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கல்லாகிவிடும். தட்டில் கொட்டிய பிறகும் நடுப்பகுதியில் சூடு தங்கி நிற்பதால் உள்ளே தேன் நிறமாகச் சிவக்கும். ஓரம் மஞ்சளாகவே இருக்கும். கத்தியால் கோடு போட்டுத் துண்டைப் பெயர்க்கும்போது தெரியும் இந்த இரட்டை நிறம்தான் அன்றைய சரக்கு என்பதற்குச் சாட்சி. கடைசிக் கரண்டி நெய், கொட்டுவது, முதல் துண்டைப் பெயர்ப்பது, இந்த மூன்றும் அரை நிமிடத்துக்குள் அடங்கும். அண்ணாச்சி எடுத்தது அதைத்தான்.

எடுப்பதிலும் பட்டறைக்கே உரிய சிக்கல்கள் இருந்தன. முதல் நாள் எடுத்த காணொளி முழுக்க மூடுபனி போல் இருந்தது. கேமராவின் கண்ணாடியில் நெய் ஆவி படிந்திருந்தது. அதன் பிறகு எடுக்கும் முன் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைப்பது வழக்கமானது. சட்டிக்கு நேர் மேலே பிடித்தால் ஆவி மறைக்கும். பக்கவாட்டில் பிடித்தால் நுரை தெரியும். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாப் பலகாரமும் ஒரே நிறமாகத் தெரிந்ததால், தட்டைப் பின்வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார்கள். இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பாட்டுச் சேர்க்கவில்லை, எழுத்து அலங்காரம் செய்யவில்லை. நெய் சுரிக்கும் ஒலியே இருந்தது.

யார் எடுப்பது என்பதும் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. முதலில் கல்லூரியில் படிக்கும் மகனிடம் விட்டார். தேர்வு வந்ததும் பத்து நாள் நின்றுபோனது. மாஸ்டரின் கை எப்போதும் மாவும் நெய்யுமாக இருக்கும். அவரிடம் கைப்பேசியைக் கொடுக்க முடியாது. கடைசியில் தட்டு முன்கடைக்கு வரும் நேரத்தோடு இந்த வேலையைக் கட்டினார்கள்: இறக்கும் முன் மாஸ்டர் ஒரு குரல் கொடுப்பார், உதவிப் பையன் எடுப்பான், அண்ணாச்சி எழுதிப் போடுவார். வேலை ஒழுங்கில் ஒரு படியாகச் சேர்ந்த பிறகுதான் அது விடாமல் நடந்தது.

எந்த நேரத்தில், எத்தனை

காலை பதினொன்றுக்கு லட்டு பிடித்து முடிந்ததும் ஒன்று; மாலை நான்குக்கு ஒன்று. இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மாலை ஸ்டேட்டஸ்தான் அதிகம் பயன்பட்டது. அலுவலகத்தில் வேலை முடியும் முன் கைப்பேசியைப் பார்க்கும் நேரம் அது. வீட்டில் காபி போடும் நேரமும் அதுதான். மழை நாளில் காராச்சேவையும், வெள்ளிக்கிழமை காலையில் லட்டையும் முன்னால் போட்டார். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் பட்டறை முழுக்க ஆர்டர் வேலை இருக்கும். கடையில் விற்கச் சரக்கு இருக்காது. அன்று ‘இன்று கடையில் மைசூர்பாகு கிடையாது, ஆர்டர் வேலை’ என்று மட்டும் எழுதினார். வீணாக நடந்து வருவதை அது தடுத்தது. கல்யாண ஆர்டர் எடுக்கிற கடை இது என்பதும் அதிலேயே தெரிந்தது. அதைப் பார்த்து ஆவணி மாதத்தில் ஒரு வளைகாப்பு ஆர்டர் வந்தது.

ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்பவருக்கு உடனே பதில் போக வேண்டும். ஒரு மாலையில் வந்த செய்தி:

“அண்ணாச்சி, மைசூர்பாகு இருக்குமா? ஆபீஸ் முடிஞ்சு ஏழு மணிக்குத்தான் வர முடியும்.”

“இருக்கும்மா. அரைக் கிலோ எடுத்து வச்சிடட்டுமா?”

“வச்சிடுங்க.”

இந்த மூன்று வரியில் விற்பனை முடிந்துவிட்டது. பெயர் எழுதிக் கட்டி வைத்த பொட்டலம், ஏழு மணிக்குத் தட்டு காலியாக இருந்தாலும் அவருக்குக் கிடைக்கும். பதில் எட்டு மணிக்குப் போயிருந்தால் அவர் வழியில் இருந்த பேக்கரியில் வாங்கியிருப்பார். பிசினஸ் செயலியில் அடிக்கடி சொல்லும் பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி உண்டு. விலைப் பட்டியல், கடை நேரம், வழி ஆகிய மூன்றையும் அண்ணாச்சி அப்படி வைத்துக்கொண்டார்.

தீபாவளி

மூன்று மாத உழைப்பு முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது தீபாவளியில்தான். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு, விலைப் பட்டியலும் ஆர்டர் கடைசித் தேதியும் ஸ்டேட்டஸில் வந்தன. அதையே ஒளிபரப்புப் பட்டியல் வழியாகவும் அனுப்பினார். ஒரு செய்தியைப் பலருக்குத் தனித்தனியே போகும்படி அனுப்பும் வசதி அது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். கடையின் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஸ்டேட்டஸை வேண்டியவர் திறந்து பார்க்கிறார். ஒளிபரப்புச் செய்தி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நேராகப் போய் விழுகிறது. அதனால் அதை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டார்.

270 பேரில் நாற்பது பேர் ஆர்டர் கொடுத்தார்கள்; சராசரியாக இரண்டு கிலோ. எண்பது கிலோ, எல்லாம் முன்பணத்தோடு. முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டு, தீபாவளிக்கு மறுநாள் மிச்சத்தைப் பாதி விலைக்குக் கொடுத்த கடை அது. இந்த முறை எண்பது கிலோவுக்கு ஆள் முன்கூட்டியே தெரிந்ததால், சர்க்கரையும் நெய்யும் அளவாக வாங்க முடிந்தது. தினசரி விற்பனையில் வந்த லாபத்தை விட, மிச்சம் குறைந்ததில் வந்த லாபம் பெரிதாக இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு ஆட்கள் சேரும் விதமும் மாறியது. ஆர்டர் பலகாரம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிருந்தது. சாப்பிட்டவர்கள் எந்தக் கடை என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். தைப்பொங்கலின்போது பட்டியலில் 470 எண்கள், பார்ப்பவர் 220. பழைய கணக்குப்படி நாளுக்கு வாங்கும் நிலையில் இருப்பவர் பத்துப் பேர். வருகிறவர் ஐந்து பேர். ஆளுக்குக் கால் கிலோ, 140 ரூபாய் என்றால் நாளுக்கு 700 ரூபாய், மாதத்துக்குப் பதினெட்டாயிரம். இது விற்பனைதான், லாபம் இல்லை. கடையின் மொத்த விற்பனையில் சிறு பகுதிதான். ஆனால் ஆறு மாதம் முன்பு இந்தப் பகுதியே இல்லை.

எங்கே கெட்டுப்போகும்

ஸ்டேட்டஸ் போடுவதில் கடைக்குக் கேடு செய்யும் தவறுகள் சில உண்டு. அவற்றில் பெரிது, தீர்ந்துபோன சரக்கைக் காட்டிக்கொண்டிருப்பது. நான்கு மணிக்குப் போட்ட ஆறு கிலோ ஐந்தேமுக்காலுக்குத் தீர்ந்துவிட்டால், ஸ்டேட்டஸ் மட்டும் மறுநாள் நான்கு மணி வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆறரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த முறை படத்தை நம்பமாட்டார். தட்டு காலியானதும் அந்த ஸ்டேட்டஸை அழித்துவிட்டு ‘இன்று தீர்ந்தது, நாளை 4 மணிக்கு’ என்று போடுவதே இதற்கு வழி. அண்ணாச்சிக்கு இது பழகுவதற்குள் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்று பழைய படம். சோம்பலில் போன வாரத்து மைசூர்பாகையே மறுபடி போட்டால், அன்றைய தட்டு அதை விட வெளுத்தோ இறுகியோ இருக்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். நேற்று மிஞ்சியதை இன்று போட்டது போல் காட்டுவது அதை விட மோசம். பொட்டலத்தில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று தட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பால் இனிப்புகள் ஒன்றிரண்டு நாளில் கெட்டுவிடும். லட்டும் மைசூர்பாகும் அதை விடக் கூடுதலாகத் தாங்கும். தட்டில் எழுதிய தேதியும் ஸ்டேட்டஸில் எழுதிய நேரமும் பொருந்தி வந்தால் வாங்குகிறவர் இரண்டையும் நம்புவார்.

அளவுக்கு மீறிப் போடுவதும் கெடுதலே. ஒரு நாளில் பத்துப் படம் போட்டால் பார்ப்பவர் அந்த எண்ணின் ஸ்டேட்டஸை ஒதுக்கி வைத்துவிடுவார். ஒதுக்கியது கடைக்காரருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சேர்ந்த எண்களையும் பார்த்தவர் எண்ணிக்கையையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. எண்கள் கூடிக்கொண்டே போய், பார்த்தவர் எண்ணிக்கை அதே இடத்தில் நின்றால், ஆட்கள் ஒதுக்குகிறார்கள் என்று பொருள். பார்த்த விவரத்தை மறைத்து வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் உண்மையான எண்ணிக்கை சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் ஏற்ற இறக்கம் தெரிய இது போதும்.

வேறு இடங்கள்

ஸ்டேட்டஸ் ஏற்கெனவே கடைக்கு வந்தவரை மறுபடி கொண்டுவருகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்குக் கடையைக் காட்டுவது கூகுள் வரைபடத்தில் உள்ள கடைப் பதிவு. அங்கே தினமும் போட வேண்டியதில்லை. கடை நேரம் சரியாக இருக்க வேண்டும்; பண்டிகை நாள் விடுமுறையைத் தனியாகக் குறிக்க வேண்டும்; உண்மையான படம் சில இருக்க வேண்டும். நல்ல மதிப்புரை எழுதினால் பலகாரம் இலவசம் என்று சொல்வது கூகுளின் விதிக்கு எதிரானது.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு 2020 ஜூலையில் வந்தது. அதில் போடும் காணொளி, கடையை அறியாத ஆயிரக்கணக்கானோரிடம் போக முடியும். அதுவே அதன் குறையும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பார்க்கிறவர் மாலை ஏழு மணிக்கு இந்தக் கடைக்கு வந்து அரைக் கிலோ வாங்க முடியாது. பார்சல் அனுப்பும் கடைக்கு அது பயன்படும். அதற்கும் முறுக்கு, கடலைமிட்டாய் போல் வழியில் கெடாத, உடையாத சரக்கு வேண்டும். அப்படி அல்லாமல், ஒரு காணொளி திடீரென்று பரவி ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வந்து நின்றால், இரண்டு அடுப்புள்ள பட்டறை திணறும். ஒரு ஈடு மைசூர்பாகை அவசரத்தில் இரண்டு மடங்காகப் போட்டால் பதம் தவறும். அன்று வந்த முந்நூறு பேருக்கும் கடையைப் பற்றிக் கிடைத்த முதல் ருசி அந்தப் பதம் தவறிய துண்டாக இருக்கும்.

பலன் இருக்கிறதா என்று அறிவது

பார்த்தவர் எண்ணிக்கை விற்பனை ஆகாது. அண்ணாச்சி கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தார். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று கட்டத்தில் ஒன்றில் கோடு: ஸ்டேட்டஸ் பார்த்து வந்தவர், வழக்கமாக வருபவர், வழியில் போகும்போது வந்தவர். கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். அதே நோட்டில் இரவு தட்டில் மிஞ்சிய எடையும் எழுதப்பட்டது. தீபாவளி மாத விற்பனையை ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கடையும் வளர்ந்த மாதிரிதான் தெரியும். அதனால் ஒரு மாதத்தை முந்தைய ஆண்டின் அதே தமிழ் மாதத்தோடு ஒப்பிட்டார்.

ஐயம் தீர ஒரு சோதனையும் செய்தார். மாசி மாதத்தில் இரண்டு வாரம் காராச்சேவை மட்டும் ஸ்டேட்டஸில் போடவில்லை. மற்றவற்றை வழக்கம்போல் போட்டார். போடும் அளவையும் மாற்றவில்லை. இரவில் மிஞ்சும் காராச்சேவு கூடியது. மைசூர்பாகில் மாற்றம் இல்லை. மறுபடி போடத் தொடங்கியதும் மிச்சம் குறைந்தது. இதை விட எளிய சான்று சிறு கடைக்குக் கிடைக்காது.

அடுத்த ஆடி வந்தபோது கல்யாண ஆர்டர் வழக்கம்போல் இல்லை. ஆனால் பட்டியலில் 750 எண்கள் இருந்தன. மாலையில் ஏழெட்டுப் பேர் ஸ்டேட்டஸ் பார்த்து வந்தார்கள். தட்டில் பெரும்பாலும் மிச்சம் இல்லை. அதற்குள் இன்னொரு எல்லையும் தெரியத் தொடங்கியிருந்தது. சில நாட்களில் ஐந்து மணிக்கே தட்டு காலியானது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மாஸ்டர் ஒருவர் மாலையில் இரண்டு ஈட்டுக்கு மேல் போட முடியாது. இதற்குப் பிறகும் எண் சேர்த்துக்கொண்டே போனால் கூடுவது ஏமாற்றம்தான். இரண்டாவது மாஸ்டரை வைத்து அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குத் தினமும் விற்குமா, அல்லது இருக்கிற இரண்டு ஈட்டை முன்பதிவிலேயே முழுதாக விற்று அதோடு நிற்பதா என்பதை, கல்லாவில் இருக்கும் நோட்டை வைத்துக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டும். தினமும் போடும் ஸ்டேட்டஸ் கொண்டுவரக்கூடிய வாடிக்கையின் அளவை, கடைசியில் பட்டறையின் அடுப்புகளே தீர்மானிக்கின்றன.